கேபினட்டைத் திறக்கும் முன்: எர்த், ஸ்டார் ஸ்க்ரூடிரைவர், இட்லித் தட்டு

மாடிவீடு | 9 ஜனவரி, இரவு 9:40

ஓசூர். வாடகை வீடு, இரண்டாவது மாடி. முதல் தடவையாக நானே கம்ப்யூட்டர் பூட்டப் போகிறேன். மைக்ரோ ஏடிஎக்ஸ் போர்டு, தனியாகக் கிராபிக்ஸ் கார்டு கிடையாது. சாமான் எல்லாம் வந்துவிட்டது. பொங்கல் லீவில் வேலையை முடிக்க எண்ணம்.

எந்த உதிரி எங்கே போகும் என்று வீடியோ பார்த்துத் தெரிந்துகொண்டேன். மேசையைப் பற்றித்தான் யாரும் ஒழுங்காகச் சொல்வதில்லை. என்னிடம் இருப்பது ஒரு டெஸ்டர், கடையில் வாங்கிய ஸ்டார் ஸ்க்ரூடிரைவர் ஒன்று, உடம்பின் ஸ்டாடிக் கரண்ட்டை இறக்க 150 ரூபாய் கைப்பட்டை (ஒயரும் முதலைக் கிளிப்பும் உள்ளது), மல்டிமீட்டர். இது போதுமா? இங்கே இப்போது காற்று ரொம்ப வறட்சி. கம்பளியை உதறினால் இருட்டில் பொறி தெரிகிறது.

மெரினாக்காற்று | 9 ஜனவரி, இரவு 10:02

கைப்பட்டை எல்லாம் வெளிநாட்டுக்காரன் கவலை. சென்னையில் பத்து வருடமாகப் பூட்டுகிறேன், ஒரு தடவைகூடப் போட்டதில்லை, ஒன்றும் கருகியதில்லை. காற்றில் ஈரம் இருந்தால் ஸ்டாடிக் நிற்காது. கேபினட்டை ஒரு தடவை தொட்டுவிட்டு ஆரம்பி தம்பி.

பழையபலகை | 9 ஜனவரி, இரவு 11:15

சென்னைக்குச் சரி, ஏசி போடாத அறைக்குச் சரி. அவர் ஓசூர் என்கிறார், அதுவும் ஜனவரி. பகலில் அங்கே உதடு வெடிக்கும்.

கருகியதில்லை என்பதிலும் ஒரு சிக்கல் இருக்கிறது. கையில் சுருக்கென்று உணர வேண்டுமானால் உடம்பில் சுமார் 3000 வோல்ட் ஏறியிருக்க வேண்டும். சில நூறு வோல்ட்டிலேயே அடிபடும் சிப்புகள் உண்டு. அப்படி அடிபட்டால் உங்களுக்குத் தெரியவே தெரியாது. ஆறு மாதம் கழித்து ரேம் ஸ்லாட் ஒன்று வேலை செய்யாமல் போகும், ராசி இல்லாத போர்டு என்று சொல்லி மாற்றிவிடுவோம்.

மெரினாக்காற்று | 9 ஜனவரி, இரவு 11:21

கண்ணுக்கும் தெரியாது, கைக்கும் தெரியாது, ஆறு மாதம் கழித்துத்தான் காட்டும். இதே கதையைச் சொல்லித்தான் ஜோசியரும் பிழைக்கிறார்.

பழையபலகை | 9 ஜனவரி, இரவு 11:48

ஒப்புக்கொள்கிறேன், ஒரு தனி போர்டைக் காட்டி 'இது ஸ்டாடிக்கால்தான் போனது' என்று என்னாலும் நிரூபிக்க முடியாது. ஆனால் நான் இருந்த சர்வீஸ் சென்டரில் தரைப்பாயும் பட்டையும் கட்டாயம். காரணம் கேட்டால், பட்டை விலையையும் போர்டு விலையையும் பார் என்பார்கள்.

மாடிவீடு, பட்டையை முதலில் மீட்டரில் பாருங்கள். 2 மெக் ஓம் ரேஞ்ச், ஒரு முனை மணிக்கட்டில் படும் தகட்டில், இன்னொன்று முதலைக் கிளிப்பில். 1 மெக் ஓம் பக்கம் காட்ட வேண்டும்.

மாடிவீடு | 10 ஜனவரி, காலை 7:30

பார்த்தேன். எதுவும் காட்டவில்லை, திறந்த சர்க்யூட். ஒயரைக் கிளிப் பக்கம் வளைத்துப் பிடித்தால் 0.98 வருகிறது, விட்டால் போய்விடுகிறது. உள்ளே ஒயர் அறுந்திருக்கிறது. கிளிப்பைப் பிரித்து மறுபடி பற்றவைத்துவிட்டேன், இப்போது நிலையாக நிற்கிறது. இதை அப்படியே கட்டியிருந்தால் கையில் மஞ்சள் கயிறு கட்டிய மாதிரிதான், மனத்திருப்திக்கு.

ஒரு சந்தேகம். நடுவில் எதற்கு 1 மெக் ஓம்? நேர் ஒயராக இருந்தால் இன்னும் வேகமாக இறங்குமே?

கரண்ட்டுக்கம்பம் | 10 ஜனவரி, காலை 8:05

எலெக்ட்ரீஷியன் பேசுகிறேன். அந்த ரெசிஸ்டர் போர்டுக்காக வைத்ததில்லை, உனக்காக வைத்தது. கிளிப் மாட்டிய இடத்தில் தப்பித்தவறி 230 வோல்ட் வந்தால், 1 மெக் வழியாக உன் உடம்பில் போவது கால் மில்லி ஆம்பியருக்கும் குறைவு. நேர் ஒயர் என்றால் உன்னைக் கரண்ட்டில் கட்டிப்போட்டதாகிவிடும். ஸ்டாடிக் இறங்க அந்த 1 மெக் தடையே இல்லை, கண் இமைப்பதற்குள் இறங்கிவிடும்.

வீட்டில் தானே பட்டை செய்கிறேன் என்று வெறும் ஒயரைக் கையில் சுற்றுகிறவர்கள் இதைக் கவனிக்கவும்.

மாடிவீடு | 10 ஜனவரி, மாலை 6:50

கிளிப்பை எங்கே மாட்டுவது? கேபினட் முழுக்க கறுப்புப் பெயின்ட். மூன்று இடத்தில் மீட்டர் வைத்துப் பார்த்தேன், எங்கேயும் தொடர்பு இல்லை.

ரிட்சித்தெரு | 10 ஜனவரி, இரவு 7:20

பெயின்ட் மேல் கிளிப் மாட்டுவதும் சட்டை மேல் பட்டை கட்டுவதும் ஒன்றுதான் தம்பி. எஸ்எம்பிஎஸ்ஸை முதலில் கேபினட்டில் பூட்டிவிடு, அதைப் பிடித்திருக்கும் நான்கு ஸ்க்ரூவில் ஒன்றின் தலையில் கிளிப்பை மாட்டு. எஸ்எம்பிஎஸ் உடம்பு, கேபினட் உடம்பு இரண்டும் அங்கே சேர்ந்துவிடும்.

பவர் கார்டைச் சுவரில் செருகி, சுவிட்சை மட்டும் ஆஃப் பண்ணி வை. எர்த் பின் வழியாக ஸ்டாடிக் பூமிக்குப் போய்விடும். கடையில் நாங்கள் அப்படித்தான் செய்வோம்.

கரண்ட்டுக்கம்பம் | 10 ஜனவரி, இரவு 7:41

அக்கா, உங்கள் கடையில் எர்த் இருக்கும். வாடகை வீட்டில் மூன்றாவது ஓட்டை இருக்கும், அதற்குப் பின்னால் எர்த் இருக்கும் என்று சொல்ல முடியாது.

மாடிவீடு, மீட்டரை ஏசி வோல்ட் 750 ரேஞ்சில் வைத்து அந்த பிளக் பாயின்ட்டில் மூன்று அளவு எடு. பேஸ்–நியூட்ரல், பேஸ்–எர்த், நியூட்ரல்–எர்த். முனையின் உலோகத்தில் விரல் படாமல், ஒரு கையைப் பின்னால் வைத்துக்கொண்டு.

மாடிவீடு | 10 ஜனவரி, இரவு 8:10

பேஸ்–நியூட்ரல் 231. பேஸ்–எர்த் 118. நியூட்ரல்–எர்த் 112.

பாதி பாதி வருகிறது. எர்த் அரை உயிரோடு இருக்கிறதா?

கரண்ட்டுக்கம்பம் | 10 ஜனவரி, இரவு 8:34

அரை உயிர் இல்லை, உயிரே இல்லை. நல்ல எர்த்தாக இருந்தால் பேஸ்–எர்த் 230 பக்கம் வரும், நியூட்ரல்–எர்த் ஓரிரண்டு வோல்ட் காட்டும். உன் எர்த் ஒயர் எங்கோ அறுந்து அந்தரத்தில் தொங்குகிறது. பிரிட்ஜ், டிவி, பழைய கம்ப்யூட்டர் மாதிரிப் பல சாமான்களுக்குள் பேஸிலிருந்து ஒன்றும் நியூட்ரலிலிருந்து ஒன்றுமாக இரண்டு குட்டி கண்டென்ஸர் எர்த்தோடு சேர்ந்திருக்கும். எர்த் இல்லாவிட்டால் அந்த இரண்டுக்கும் நடுவில் பாதி வோல்ட் நிற்கும். அதைத்தான் நீ அளந்திருக்கிறாய்.

கம்ப்யூட்டர் கேபினட்டைத் தொட்டால் சுர்ரென்று இருக்கிறது, டெஸ்டர் எரிகிறது என்று வீட்டுக்கு வீடு சொல்வார்களே, அது இதுதான். ஆளைக் கொல்லாது. ஆனால் அந்தக் கேபினட்டில் கைப்பட்டையை மாட்டி ரேமைத் தொடுவது வேண்டாத வேலை.

மெரினாக்காற்று | 10 ஜனவரி, இரவு 8:40

சுவிட்ச்தான் ஆஃப் ஆயிற்றே. அப்புறம் எப்படி வரும்?

கரண்ட்டுக்கம்பம் | 10 ஜனவரி, இரவு 8:58

சுவிட்ச் பேஸை அறுத்தால் உங்கள் பேச்சு சரி. நியூட்ரலில் சுவிட்ச் போட்ட பாயின்ட் எத்தனை வேண்டும், நான் காட்டுகிறேன். அங்கே ஆஃப் பண்ணினாலும் பேஸ் உள்ளே வந்து நிற்கும். போதாததற்கு அந்த அந்தர எர்த் ஒயரில் பிரிட்ஜும் சேர்ந்திருக்கிறது. உங்கள் சுவிட்ச் ஆஃபாக இருந்தாலும் பிரிட்ஜ் தரும் பாதி வோல்ட் எர்த் பின் வழியாக உங்கள் கேபினட்டுக்கு வரும்.

பழையபலகை | 10 ஜனவரி, இரவு 9:30

எர்த் சந்தேகம் என்றால் பவர் கார்டைக் கழற்றி ஓரமாக வைத்துவிடுங்கள். கிளிப் எஸ்எம்பிஎஸ் ஸ்க்ரூவில், பட்டை கையில், அவ்வளவுதான். சிப்பைக் கொல்வது வோல்ட்டேஜ் வித்தியாசம்தான். நீங்கள், போர்டு, கேபினட் மூன்றும் ஒரே வோல்ட்டேஜில் இருந்தால் பொறி பாய இடமே இல்லை. அந்த வோல்ட்டேஜ் பூமியுடையதாக இருந்தால் நல்லது, இல்லாவிட்டாலும் வேலை நடக்கும்.

பையிலிருந்து போர்டை எடுக்கும் முன் பையோடு சேர்த்துக் கேபினட் மேல் ஒரு கணம் வைத்து, பட்டை கட்டிய கையால் பையைத் தொட்டுவிட்டு எடுங்கள். எடுத்த போர்டை அதன் அட்டைப்பெட்டி மேல் வைக்கலாம். வெள்ளிநிறப் பையின் மேல் வைத்து மட்டும் கரண்ட் கொடுத்துச் சோதிக்காதீர்கள், அதில் உலோகப் படலம் இருக்கிறது.

ரிட்சித்தெரு | 11 ஜனவரி, காலை 10:15

பவர் கார்டைச் செருகி வைப்பதுதான் சரி என்று இப்போதும் சொல்வேன், எர்த் நன்றாக இருந்தால். வறண்ட ஊரில் நாற்காலியிலிருந்து எழுந்து உட்கார்ந்தாலே உடம்பில் ஏறும், கேபினட்டும் கூடவே ஏறும். அப்புறம் பக்கத்தில் வருகிறவர் பட்டையில்லாத கையால் போர்டைத் தொட்டால்? எங்கள் வீட்டில் வேலை முடியும்வரை யாராவது 'இது என்ன' என்று விரல் நீட்டிக்கொண்டே இருப்பார்கள்.

பழையபலகை | 11 ஜனவரி, காலை 11:00

அறைக்கதவைச் சாத்துங்கள்.

ஒத்தைமரை | 11 ஜனவரி, மதியம் 1:22

நான் பழைய லேப்டாப்பில் ஃபேன் தூசி தட்டுவதற்காகத் திறந்தேன், அதில் இரண்டு மூன்று நீளத்தில் ஸ்க்ரூ இருக்கிறது. ஒன்று மாறிப்போய், மூடும்போது டச்பேட் பக்கத்தில் அடிச்சட்டத்திலிருந்து ஒரு முனை மேலே முட்டிக்கொண்டு நிற்கிறது. இதற்கும் எர்த்துக்கும் சம்பந்தம் உண்டா?

ரிட்சித்தெரு | 11 ஜனவரி, மதியம் 1:50

எர்த்தை விடு. முதலில் அந்த ஸ்க்ரூவைக் கழற்று, பேட்டரி அந்தப் பக்கம்தான் இருக்கும். லேப்டாப் என்றால் ஒரு அட்டையில் அடிப்பக்கத்தைப் படமாக வரைந்து, எந்த ஓட்டையோ அங்கேயே ஸ்க்ரூவைக் குத்தி வைக்க வேண்டும். கிண்ணத்தில் போட்டால் இப்படித்தான். பேர் வைத்தவர் தெரிந்துதான் வைத்திருக்கிறார்.

ஒத்தைமரை | 11 ஜனவரி, மதியம் 1:58

மரை கழன்றவன் என்று வீட்டில் சொல்வதைத்தான் கொஞ்சம் நாகரிகமாக வைத்தேன் அக்கா.

மாடிவீடு | 11 ஜனவரி, இரவு 8:15

ஸ்க்ரூ பேச்சு வந்ததே நல்லது. கேபினட்டோடு வந்த பொட்டலத்தைக் கொட்டினேன். எல்லாம் கலந்து கிடக்கிறது. வீட்டு இட்லித் தட்டை எடுத்து வந்து குழிக்குக் குழி பிரித்தேன் (சில்வர் தட்டு, ஓட்டை இல்லாதது). தலை அறுகோணமாக இருப்பவை ஒரு குழி, வட்டத்தலை ஒரு குழி, போர்டுக்கு அடியில் நிற்கும் பித்தளைத் தாங்கி ஒரு குழி, எஸ்எஸ்டிக்கு வந்த பொடி ஸ்க்ரூ ஒரு குழி. தலையைப் பார்த்துப் பிரித்தால் போதும்தானே?

பழையபலகை | 11 ஜனவரி, இரவு 9:05

தலையை நம்பாதீர்கள், மரையைப் பாருங்கள். அந்தப் பொட்டலத்தில் பெரும்பாலும் இரண்டு மரைதான். ஒன்று 6-32 என்கிற அமெரிக்க அங்குல மரை, இன்னொன்று எம்3 என்கிற மெட்ரிக் மரை. 6-32 கொஞ்சம் தடிமன், சுமார் 3.5 மில்லிமீட்டர், வரிகள் அகலமாக இருக்கும். எம்3 சரியாக 3 மில்லிமீட்டர், வரிகள் நெருக்கம். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் படுக்க வைத்தால் வெறும் கண்ணுக்கே தெரியும். எஸ்எம்பிஎஸ், 3.5 அங்குல ஹார்ட் டிஸ்க் இரண்டுக்கும் அகல மரை. 2.5 அங்குல எஸ்எஸ்டிக்கு நெருக்க மரை.

போர்டைப் பிடிக்கும் ஸ்க்ரூவில்தான் சண்டை. பித்தளைத் தாங்கிக்கு உள்ளே இருக்கும் மரை கேபினட்டுக்குக் கேபினட் மாறும். எம்3 ஸ்க்ரூவை 6-32 தாங்கியில் விட்டால் தொளதொளவென்று சுற்றும், கடைசிவரை இறுகாது. எதிர்ப்பக்கம் இன்னும் மோசம், 6-32 ஸ்க்ரூவை எம்3 தாங்கியில் திணித்தால் முதல் சுற்றிலேயே பிடிக்கும். அதை இறுக்கம் என்று நினைத்து முறுக்கினால் பித்தளை மரை அழிந்துவிடும். அப்புறம் கழற்றும்போது ஸ்க்ரூவோடு தாங்கியும் சேர்ந்து சுற்றும், போர்டு லேசில் வெளியே வராது. அந்த நிலையில் வந்த கேபினட்டுகளைப் பார்த்துப் பார்த்து எனக்குப் பாதி முடி போயிற்று.

போர்டை வைப்பதற்கு முன்னாலேயே தாங்கியில் ஒரு ஸ்க்ரூவை விரலால் மட்டும் சுற்றிப் பாருங்கள். இரண்டு மூன்று சுற்று விரலுக்கே போக வேண்டும், ஆடவும் கூடாது. போகிற ஸ்க்ரூ எந்தக் குழியோ அதில் 'போர்டு' என்று எழுதி ஒட்டிவிடுங்கள்.

மாடிவீடு | 12 ஜனவரி, காலை 7:10

விரலால் பார்த்தேன். அறுகோணத் தலைதான் போர்டுக்கும் போகும் என்று நினைத்திருந்தேன், முதல் சுற்றில் நின்றுவிட்டது. வட்டத்தலை வழுக்கிக்கொண்டு உள்ளே போகிறது. ஆக என் கேபினட்டில் தாங்கி எம்3.

அதே நேரம் தாங்கிகளையும் எண்ணினேன். போர்டில் ஆறு துளை. கேபினட்டில் கம்பெனியே பூட்டி அனுப்பிய தாங்கி ஒன்பது. போர்டின் அளவுக்குப் பேப்பர் வெட்டி, துளைகளைக் குறித்து உள்ளே வைத்துப் பார்த்தால், வலது ஓரத்தில் ஒன்று போர்டின் விளிம்புக்கு அடியில் தொட்டும் தொடாமலும் நிற்கிறது.

ரிட்சித்தெரு | 12 ஜனவரி, காலை 9:40

கழற்றிவிடு. துளை இல்லாத இடத்தில் பித்தளை நின்றால் போர்டுக்கு அடியில் சால்டர் முனையைத் தொட்டு ஷார்ட் ஆகும். ஆன் பண்ணினால் ஃபேன் ஒரு சுற்று சுற்றி நிற்கும், ஜனங்கள் எஸ்எம்பிஎஸ் போச்சு என்று என்னிடம் தூக்கிக்கொண்டு வருவார்கள்.

மெரினாக்காற்று | 12 ஜனவரி, காலை 10:30

இட்லித் தட்டை விட காந்தக் கிண்ணம் நல்லது. மெக்கானிக் கடையில் இருக்குமே. கவிழ்ந்தாலும் கொட்டாது. ஸ்க்ரூடிரைவர் முனையிலும் காந்தம் வேண்டும், ஆனால் ஹார்ட் டிஸ்க் பக்கம் கொண்டுபோகாதே, டேட்டா அழிந்துவிடும்.

பழையபலகை | 12 ஜனவரி, காலை 11:12

ஹார்ட் டிஸ்க்குக்குள்ளேயே உங்கள் ஸ்க்ரூடிரைவரை விடப் பல மடங்கு சக்தியுள்ள காந்தம் உட்கார்ந்திருக்கிறது. அதைப் பிரித்தவர்களுக்குத் தெரியும், விரலைக் கவ்வும். எஸ்எஸ்டியில் காந்தத்தால் அழிய எதுவும் இல்லை. பிளாப்பி காலத்துப் பயம் அது. காந்த முனை தாராளமாக இருக்கட்டும், இல்லாவிட்டால்தான் ஸ்க்ரூ போர்டு மேல் விழும்.

கிண்ணத்தில் எனக்குப் பிடிக்காதது, எல்லாம் ஒரே குவியலாக ஒட்டிக்கொள்ளும். பிரித்து வைத்த பலன் போய்விடும். பித்தளை அதில் ஒட்டவும் ஒட்டாது.

மாடிவீடு | 12 ஜனவரி, இரவு 9:20

எர்த் கதை. வீட்டுக்காரர் ஒருவரை அனுப்பினார். வந்தவர் பாயின்ட்டைக் கழற்றி, நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் நடுவில் துண்டு ஒயர் போட்டார். மீட்டர் வைத்தேன். பேஸ்–எர்த் 230, நியூட்ரல்–எர்த் 0.0. 'பாருங்கள், எர்த் வந்தாச்சு' என்றார். அழகான எண்தான், ஆனால் எனக்கு உறுத்துகிறது.

கரண்ட்டுக்கம்பம் | 12 ஜனவரி, இரவு 9:26

அந்தத் துண்டு ஒயரை இப்போதே எடு. மெயினை ஆஃப் பண்ணிவிட்டு எடு.

வழியில் எங்கேயாவது நியூட்ரல் அறுந்தால், சுவிட்ச் போட்ட சாமான் வழியாக வரும் முழு 230 உன் எர்த் பின்னுக்கு வரும். அங்கிருந்து கேபினட் உடம்பு, பிரிட்ஜ் கதவு எல்லாவற்றுக்கும் போகும். முன்னால் இருந்த பாதி வோல்ட் கூச்சம்தான், இது பிடித்தால் விடாது. எர்த் இல்லாமல் இருப்பதே இதைவிட மேல்.

இந்த ஏமாற்றைக் கண்டுபிடிக்க வழி இருக்கிறது. அதே லைனில் அயர்ன் பாக்ஸ் ஓடவிட்டு நியூட்ரல்–எர்த் பார். நிஜ எர்த் என்றால் கொஞ்சமாவது ஏறும், ஒரு வோல்ட் இரண்டு வோல்ட். அயர்ன் ஓடும்போதும் 0.0 என்று அசையாமல் நின்றால் பாயின்ட்டுக்குள் துண்டு ஒயர் இருக்கிறதா என்று திறந்து பார்க்க வேண்டும்.

மாடிவீடு | 13 ஜனவரி, மாலை 5:40

எடுத்தாயிற்று. வேறு ஆளைக் கூப்பிட்டேன். கீழே மீட்டர் போர்டில் எர்த் கம்பி முனை துருப்பிடித்து போல்ட்டை விட்டே கழன்று கிடந்தது. சுரண்டிப் புது லக் போட்டு இறுக்கினார். இப்போது 229, நியூட்ரல்–எர்த் 1.4, அயர்ன் ஓடும்போது 2.6. கீழ் வீட்டு அம்மா, வாஷிங் மெஷின் இனி ஷாக் அடிக்காதா என்று கேட்டார். எத்தனை வருடமாக ரப்பர் செருப்புப் போட்டுத் துவைத்தாரோ.

ஸ்க்ரூடிரைவரைப் பற்றி இன்னும் யாரும் சொல்லவில்லை. டெஸ்டரால் சின்ன ஸ்க்ரூக்களைத் திருப்பலாமா?

பழையபலகை | 13 ஜனவரி, மாலை 6:33

டெஸ்டர் டெஸ்ட் பண்ண மட்டும்.

கேபினட், போர்டு, எஸ்எம்பிஎஸ் எல்லாவற்றுக்கும் பி.எச்.2 என்கிற அளவுதான். தண்டிலேயே பொறித்திருக்கும். நம் ஊர்க் கடையில் 'ஸ்டார்' என்று கேட்டால் எது கையில் அகப்படுகிறதோ அதைத் தருவார்கள், அதனால் எண்ணைப் பார்த்து வாங்குங்கள். தண்டு 15 சென்டிமீட்டராவது இருக்கட்டும். கூலர் பக்கத்து மூலை ஸ்க்ரூவுக்குக் குட்டையான தண்டு எட்டாது, சாய்த்துப் பிடிப்பீர்கள், சாய்த்தால் முனை வழுக்கி நேராகப் போர்டில் கோடு போடும். போர்டு மேலேயே படுக்கும் எம்.2 எஸ்எஸ்டியைப் பிடிக்கும் பொடி ஸ்க்ரூ வெறும் 2 மில்லிமீட்டர், அதற்குப் பி.எச்.1 அல்லது பி.எச்.0. அதில் பெரிய முனையை வைத்தால் தலையின் குழி தேய்ந்து வட்டமாகிவிடும். அப்புறம் அந்த எஸ்எஸ்டி அங்கேயே குடியிருக்கும்.

அளவு சரியா என்று பார்க்க, ஸ்க்ரூவை முனையில் செருகிப் பக்கவாட்டில் ஆட்டுங்கள். குழிக்குள் ஆட்டம் இல்லாமல் ஆழமாக உட்கார்ந்தால் சரி.

மெரினாக்காற்று | 13 ஜனவரி, இரவு 7:15

பேட்டரி டிரில்லில் மாட்டிச் சுற்றினால் ஐந்து நிமிடம். குறைந்த டார்க்கில் வைத்துத்தான் சொல்கிறேன்.

பழையபலகை | 13 ஜனவரி, இரவு 7:18

பக்கவாட்டுத் தகட்டுக்கு வேண்டுமானால் சுற்றுங்கள். போர்டுக்கு வேண்டாம். மரை பிடித்துவிட்டதா என்று கைக்குத்தான் தெரியும்.

மாடிவீடு | 16 ஜனவரி, இரவு 11:05

பூட்டிவிட்டேன். எர்த் சரியான பின் அக்கா சொன்ன மாதிரி பவர் கார்டைச் செருகி, சுவிட்ச் ஆஃப், கிளிப் எஸ்எம்பிஎஸ் ஸ்க்ரூவில். பருத்தி வேட்டியை மேசையில் விரித்தேன், விழுந்த ஸ்க்ரூ துள்ளி ஓடாமல் அங்கேயே நின்றது. போர்டு உட்கார்ந்ததும் கார்டைக் கழற்றிக் கேபினட்டைத் தூக்கி மெதுவாகச் சாய்த்துப் பார்த்தேன், உள்ளே ஒரு கிலுக்கு. செல்போன் டார்ச்சைத் தட்டையாக அடித்தால் போர்டுக்கு அடியில் ஒரு அறுகோண ஸ்க்ரூ. எஸ்எம்பிஎஸ் பூட்டும்போது விழுந்தது போல. அதை எடுத்த பிறகுதான் கரண்ட் கொடுத்தேன். படம் வந்துவிட்டது.

குழியில் இரண்டு வட்டத்தலை மிச்சம். போர்டில் ஆறும் இறுக்கியிருக்கிறேன், மறுபடி எண்ணிவிட்டேன்.

ரிட்சித்தெரு | 17 ஜனவரி, காலை 9:55

கூடுதலாகத்தான் போட்டு அனுப்புவார்கள். கேபினட் உள்ளேயே ஒரு சின்னக் கவரில் டேப் போட்டு ஒட்டி வை. எஸ்எஸ்டி மாற்றும் நாளில் அது எங்கே என்று தேட வேண்டாம்.

ஒத்தைமரை | 17 ஜனவரி, காலை 10:20

எனக்கும் ஒன்று மிச்சம். லேப்டாப்பில்.

ரிட்சித்தெரு | 17 ஜனவரி, காலை 10:24

உனக்கு மிச்சம் வரக்கூடாது. திற.